புளிக்கும் கோப்பி, கசக்கும் கோப்பி: சாறு குறைந்ததா, மிஞ்சியதா?

நுவரெலியா, எல்ல, கண்டிப் பக்கத்துக் கடைகளில் உள்ளூர் அரபிக்காக் கோப்பியைப் பால் சேர்க்காமல் கூம்பு வடியில் ஊற்றித் தரும் வழக்கம் பரவிவிட்டது. கடையில் குடித்துப் பிடித்துப்போய், அதே கொட்டையையும் ஒரு வடியையும் வாங்கிக்கொண்டு வீட்டில் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: கடையில் இனித்த கோப்பி வீட்டில் வாயைக் கூச வைக்கிறது. கேட்டால் சிலர் புளிக்கிறது என்பார்கள், சிலர் கசக்கிறது என்பார்கள். ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றிய கோப்பியைக் குடித்துவிட்டு ஒருவர் புளிப்பென்றும் மற்றவர் கசப்பென்றும் சொல்வதும் நடக்கிறது.

இந்த இரண்டையும் சரியாகப் பிரித்தறியாவிட்டால் கோப்பியைத் திருத்தவே முடியாது. புளிப்புக்கும் கசப்புக்கும் வைத்தியம் எதிரெதிர்த் திசையில் இருக்கிறது. புளிக்கும் கோப்பைக்குக் கசப்பின் வைத்தியத்தைச் செய்தால் அது இன்னும் புளிக்கும். மலையகத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கோப்பி போடுவது பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரைகளில் பல, கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நுவரெலியாவில் அவற்றை அப்படியே பின்பற்றினால் கோப்பி புளிக்கத்தான் செய்யும்.

சாறு இறங்குவது என்றால் என்ன

வறுத்த கோப்பிக் கொட்டையின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீரில் கரையக்கூடியது. மீதி நார்ப்பொருள், எவ்வளவு ஊற்றினாலும் சக்கையாக வடியிலேயே நிற்கும். போட்ட தூளின் எடையில் எத்தனை சதவீதம் கரைந்து கோப்பைக்கு வந்தது என்பதைத்தான் இறக்கம் என்கிறோம். 15 கிராம் தூளிலிருந்து 3 கிராம் கரைந்து வந்தால் இறக்கம் 20 சதவீதம்.

கரையும் பொருட்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. பழ வாசனையும் புளிப்பும் தரும் அமிலங்கள் சட்டென்று கரைந்து முதலில் வந்துவிடும். உப்புச் சுவை தரும் தாதுக்களும் அவற்றோடு வரும். இனிப்பாகவும் கருகாத பாகு போலவும் உணரப்படும் சுவைகள் கோப்பையில் தெரியவர இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். கசப்பும் நாக்கை வறட்டும் துவர்ப்பும் தரும் கனத்த பொருட்கள் மெதுவாகக் கரைந்து, கடைசிப் பகுதியில் மேலோங்கும்.

ஆகவே சாறு போதிய அளவு இறங்கும் முன்பே நின்றுவிட்டால் கோப்பையில் அமிலம் மட்டும் தலைதூக்கி நிற்கும். அதை அடக்கிச் சமன்செய்யும் இனிப்பு வந்து சேர்ந்திருக்காது. இது குறையிறக்கம். தேவையான எல்லை தாண்டியும் நீர் தூளைக் கரைத்துக்கொண்டே இருந்தால் கசப்பும் துவர்ப்பும் வந்து மற்றதை மூடிவிடும். இது மிகையிறக்கம். 1950களில் அமெரிக்காவில் லொக்ஹார்ட் என்ற விஞ்ஞானி செய்த ஆய்வுகளிலிருந்து 18 முதல் 22 சதவீதம் வரையான இறக்கம் பெரும்பாலோருக்குப் பிடிக்கும் எல்லை என்று கொள்ளப்பட்டது. இன்றும் கோப்பித் தொழிலில் அந்த எல்லைதான் தொடக்கப் புள்ளி.

இதைக் கண்கூடாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வழக்கம்போலக் கோப்பியை வடிக்கும்போது, இறங்கும் சாற்றை மூன்று சிறு கோப்பைகளில் சமமாகப் பிரித்துப் பிடியுங்கள். முதலாவது கறுத்து அடர்ந்திருக்கும். வாயில் வைத்தால் புளிப்பும் லேசான உப்பும் முகத்தைச் சுளிக்க வைக்கும். இரண்டாவது நிறம் குறைந்து, இனிப்போடு மென்மையாக இருக்கும். மூன்றாவது வெளிறிய தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். ருசி சப்பென்றிருந்தாலும் விழுங்கிய பிறகு கசப்பும் வறட்சியும் நிற்கும். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் குடிக்கத்தக்க கோப்பி கிடைக்கிறது. முதலாவதைத் தனியாகக் குடித்த ருசியை நினைவில் வைத்துக்கொண்டால் குறையிறக்கத்தை இனி எங்கும் அடையாளம் காணலாம். எத்தனை விளக்கம் படித்தாலும் இந்த ஒரு சோதனை தரும் தெளிவு வராது.

நாக்கு ஏன் குழம்புகிறது, எதைக் கவனிக்க வேண்டும்

புளிப்பையும் கசப்பையும் மாற்றிச் சொல்வது சுவை ஆய்வாளர்களுக்கு நீண்ட காலமாகத் தெரிந்த விடயம். இரண்டும் முகத்தைச் சுளிக்க வைப்பவை. கோப்பி என்றாலே கசப்பு என்ற எதிர்பார்ப்பும் சேர்வதால், பிடிக்காத எந்தச் சுவையையும் கசப்பென்று சொல்லிவிடுகிறோம். நாக்கின் ஓரம் புளிப்புக்கு, அடிப்பகுதி கசப்புக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரைபடத்தை நம்பவும் முடியாது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் உணரப்படும். எனவே எங்கே உணர்கிறோம் என்பதை விட்டுவிட்டு, எப்போது உணர்கிறோம், வாயில் உமிழ்நீருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

புளிப்பு வாயில் வைத்த உடனேயே குத்தும். தாடையின் பக்கங்களில் எச்சில் ஊறும். விழுங்கியதும் சீக்கிரம் மறைந்துவிடும். குறையிறங்கிய கோப்பி விழுங்கிய பிறகு வாயில் எதையும் விட்டுவைக்காமல் வெறுமையாக முடியும்.

கசப்பு கொஞ்சம் தாமதித்து எழும், விழுங்கிய பிறகும் தொண்டைப் பக்கம் நின்று வளரும். அதோடு துவர்ப்பு இருக்கிறதா என்பதையும் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மிகையிறக்கத்தின் உறுதியான அடையாளம் துவர்ப்புத்தான். அது உமிழ்நீரில் உள்ள வழுவழுப்பான புரதங்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கு சொரசொரப்பாகி, கன்னத்தின் உட்புறம் இழுத்துப்பிடிக்கும். வாயைக் கொப்பளிக்கத் தோன்றும்.

சந்தேகமிருந்தால் பக்கத்தில் இரண்டு சிறு கோப்பைகள் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் சில துளி தேசிக்காய்ச் சாறு விட்ட வெந்நீர். மற்றதில் வீட்டில் தடிமனுக்கு அவிக்கும் வெனிவல்கெட்டக் கசாயம் சிறிதளவு. கோப்பியை ஒரு வாய் குடித்து, தண்ணீரால் கொப்பளித்து, இவற்றை ஒவ்வொன்றாக ருசித்தால் கோப்பி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். கோப்பியைக் கொதிக்கக் கொதிக்க ருசிக்க வேண்டாம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இரண்டு குறையும் தெளிவாகத் தலைகாட்டும்.

கடும் கோப்பியும் மிகையிறக்கமும் வேறு வேறு

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கோப்பை எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது ஒரு கேள்வி. தூளிலிருந்து எவ்வளவு வந்தது என்பது இன்னொரு கேள்வி. கடும் கோப்பி ஒன்று குறையிறங்கியதாக இருக்கலாம். தண்ணீராக ஓடும் கோப்பி மிகையிறங்கியதாகவும் இருக்கலாம்.

கணக்காகப் பார்ப்போம். 15 கிராம் தூளுக்கு 250 கிராம் நீர் ஊற்றினால், தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கோப்பைக்கு வருவது ஏறக்குறைய 220 கிராம். அதில் கரைந்த பொருள் 1.35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கோப்பைக்கு வந்தது 2.97 கிராம். அதை 15ஆல் வகுத்தால் இறக்கம் 19.8 சதவீதம், நல்ல கோப்பி.

இப்போது 20 கிராம் தூளைப் பெருநொய்யாக அரைத்து, அதே 250 கிராம் நீரை ஊற்றுகிறோம். கோப்பைக்கு 210 கிராம் வருகிறது. அடர்த்தி அதே 1.35 சதவீதம் என்றால் கரைந்து வந்தது 2.84 கிராம். 20ஆல் வகுத்தால் இறக்கம் 14.2 சதவீதம்தான். இரண்டு கோப்பையும் ஒரே அடர்த்தி, ஆனால் இரண்டாவது புளிக்கும். கோப்பி சரியில்லை என்றதும் இன்னும் ஒரு கரண்டி தூளைக் கூட்டிப் போடுவது நம் வீடுகளில் இயல்பாக வரும் செயல். புளிக்கும் கோப்பைக்கு அதைச் செய்தால், ஒவ்வொரு கிராம் தூளுக்கும் கிடைக்கும் நீர் குறைந்து, இறக்கம் இன்னும் கீழே போகும். புளிப்பு அடர்த்தியான புளிப்பாக மாறும்.

அளவுக்கருவி இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்க எளிய வழி, கோப்பியில் சிறிது வெந்நீர் கலந்து பார்ப்பது. கசப்பாகத் தெரிந்த கோப்பி, நீர் கலந்ததும் இனிமையாகித் துலங்கினால், அது அடர்த்தி கூடிய கோப்பி மட்டுமே. அடுத்த முறை நீரைக் கூட்டினால் போதும். நீர் கலந்த பிறகும் சப்பென்று இருந்துகொண்டே வறட்டினால் அது மிகையிறக்கம். நீர் கலந்தும் அந்தக் கூர்மையான புளிப்பு போகாமல், சுவை மட்டும் மெலிந்தால் குறையிறக்கம்.

உயரம் செய்யும் வேலை

காற்றழுத்தம் குறையக் குறைய நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் 1 பாகை செல்சியஸ் குறைகிறது. கொழும்பில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 98 பாகையைச் சற்றுத் தாண்டும்போதே கொதித்துவிடும். பண்டாரவளை, ஹற்றன் பகுதிகளில் 96 பாகையளவில். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகை எட்டுவதற்குச் சற்று முன்னரே. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த கேத்தலில் அதற்கு மேல் சூடு ஏறாது.

கோப்பி வடிக்க 92 முதல் 96 பாகை வரையான நீர் ஏற்றது என்று தொழிலில் பரிந்துரைக்கிறார்கள். "தண்ணீர் கொதித்ததும் இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்" என்ற அறிவுரை அதிலிருந்து பிறந்தது. கொழும்பில் அது சரி. ஒரு நிமிடத்தில் 100 பாகை அந்த எல்லைக்குள் வந்துவிடும். நுவரெலியாவில் கொதிக்கும் நீரே அந்த எல்லைக்குள் இருக்கிறது. அதை ஒரு நிமிடம் ஆறவிட்டால் எல்லைக்குக் கீழே போய்விடும். பிறகு அது கேத்தல் மூக்கிலிருந்து காற்றில் இறங்கி, குளிர்ந்த பீங்கான் வடியைத் தொட்டு, குளிர்ந்த தூளில் கலக்கிறது. 16 பாகையிலிருக்கும் சமையலறையில் தூளும் நீரும் சேர்ந்த கலவையின் சூடு 85 பாகைக்குக் கீழேயும் இறங்கிவிடலாம். சூடு குறைந்தால் கரையும் வேகம் குறையும். அமிலம் அந்தச் சூட்டிலும் எளிதில் வந்துவிடும். அதைத் தொடர்ந்து வரவேண்டியவைதான் பின்தங்கும்.

ஆனால் உயரத்தில் நல்ல கோப்பியே போட முடியாது என்ற முடிவுக்குப் போகக் கூடாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. 87, 90, 93 பாகை நீரில் கோப்பியை வடித்து, அரைப்பையும் மற்றவற்றையும் மாற்றி அடர்த்தியையும் இறக்கத்தையும் சமமாக்கிச் சுவைத்தபோது, வெப்பநிலையால் வந்த வேறுபாடு மிகச் சொற்பமாகவே இருந்தது. சூடு சுவையை நேரடியாக மாற்றுவதைவிட இறக்கத்தை மாற்றுவதன் மூலமே பெரும்பாலும் வேலை செய்கிறது என்பது இதன் பொருள். சூட்டில் குறைந்ததை அரைப்பில் ஈடுசெய்யலாம்.

கொழும்பில் யாரோ சொன்ன அரைப்பு அளவை நுவரெலியாவில் அப்படியே வைப்பதும், கொதிநீரை ஆறவிடுவதும் சேரும்போதுதான் கோப்பி குறையிறங்குகிறது.

ஒரு கோப்பையைத் திருத்தும் விதம்

நுவரெலியாவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமாக வறுத்த உள்ளூர் அரபிக்கா, கையால் சுற்றும் அரைக்கும் மெசின், பீங்கான் கூம்பு வடி, காகித வடிதாள், சமையலறைத் தராசு, கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கும் வசதி. தூள் 15 கிராம், நீர் 250 கிராம். இவை இரண்டையும் கடைசிவரை மாற்றப் போவதில்லை. ஒரே முறையில் இரண்டு மூன்று விடயங்களை மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருபோதும் தெரியாது.

1. முதல் கோப்பை. தூள் பெருமணல் அளவு. கொதித்த நீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றியாயிற்று. ஊற்றத் தொடங்கியதிலிருந்து 1 நிமிடம் 50 விநாடியில் கடைசிச் சொட்டும் இறங்கிவிட்டது. வாயில் வைத்ததும் புளிப்பு, லேசான உப்பு, எச்சில் ஊறுகிறது, விழுங்கியதும் வெறுமை. நேரமும் ருசியும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: குறையிறக்கம்.

2. இரண்டாவது கோப்பை. அரைப்பைத் தொடவில்லை, சூட்டை மட்டும் சரிசெய்கிறோம். வடியில் தாளை வைத்துக் கொதிநீர் ஊற்றி வடியையும் கோப்பையையும் நன்றாகச் சூடேற்றி, அந்த நீரைக் கொட்டிவிடுகிறோம். கேத்தலைத் திரும்ப அடுப்பில் வைத்து, கொதித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து ஊற்றுகிறோம். முதலில் 40 கிராம் மட்டும் ஊற்றித் தூள் முழுக்க நனைந்து பொங்கி அடங்க அரை நிமிடம் விடுகிறோம். பிறகு மீதியை இரண்டு மூன்று தடவையாக. கேத்தல் இடையில் அடுப்பில்தான் இருக்கிறது. புளிப்பு குறைகிறது, ஆனால் இன்னும் மெலிவாக இருக்கிறது. எடுத்த திசை சரி, தூரம் போதவில்லை.

3. மூன்றாவது கோப்பை. இப்போது அரைப்பை இரண்டு படி நைசாக்குகிறோம். மேசை உப்பு அளவுக்கு வந்திருக்கிறது. தூள் சிறிதானால் நீர் படும் பரப்புக் கூடும்; நீர் இறங்கும் வேகமும் தானாகக் குறையும். 2 நிமிடம் 50 விநாடியில் வடிந்து முடிகிறது. புளிப்பு இருக்கிறது, ஆனால் பழத்தின் புளிப்பாக, இனிப்போடு சேர்ந்து இருக்கிறது. விழுங்கிய பிறகும் இனிமை நிற்கிறது. ஆற ஆற இன்னும் நன்றாகிறது.

4. நான்காவது கோப்பை. இங்கேயே நிற்கலாம். ஆனால் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு படி நைசாக்கிப் பார்ப்பது நல்லது. இப்போது நீர் தூளின் மேல் தேங்கி நிற்கிறது, வடிந்து முடிய நாலரை நிமிடம் ஆகிறது. இனிப்பு மங்கி, கசப்பு பின்னால் எழுந்து, நாக்கு வறள்கிறது. மிகையிறக்கம். மெசினை மூன்றாவது கோப்பையின் எண்ணுக்குத் திருப்பிவிடலாம்.

கசப்பிலிருந்து தொடங்குபவர்களுக்கு இதே பாதை, எதிர்த் திசையில். அரைப்பைப் பெருநொய்யாக்குவதே முதல் வேலை. நேரத்தைச் சட்டமாகக் கொள்ள வேண்டாம். ஒரு வடிக்கும் இன்னொரு வடிக்கும் அது மாறும், தாளுக்குத் தாளும் மாறும். இறக்கம் எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டும் கருவியாக மட்டும் அதைப் பயன்படுத்தலாம். முடிவு சொல்ல வேண்டியது நாக்கு.

புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் வந்தால்

இது பலரைத் திகைக்க வைக்கிறது, ஏனென்றால் மேலே சொன்ன இரண்டு வைத்தியமும் இதற்குப் பொருந்தாது. காரணம் பெரும்பாலும் சீரற்ற இறக்கம். தோட்டப் பக்கங்களில் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கோப்பியைச் சட்டியில் வறுத்து, உரலில் இடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இடித்த கோப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் மாவைப்போன்ற துகளும் மிளகில் பாதி அளவு துண்டும் ஒன்றாகக் கிடக்கும். ஒரே நீரில் துகள் மிகையிறங்குகிறது, துண்டு குறையிறங்குகிறது. கோப்பையில் இரண்டும் சேர்கின்றன.

கொதிக்க வைத்து, கொத்தமல்லியும் இஞ்சியும் சீனியும் சேர்த்துக் குடிக்கும் கோப்பிக்கு இது பெரிய குறையல்ல. அங்கே எல்லாம் முழுமையாக இறங்கிவிடுகிறது, சேர்மானமும் கசப்பைத் தாங்கிக்கொள்கிறது. அதே தூளைக் காகித வடியில் ஊற்றும்போதுதான் குறை வெளிப்படும். அரைக்கும் மெசின் வாங்க வசதியில்லாவிட்டால் மெல்லிய அரிதட்டில் சலித்து, மாவாக இருப்பதைக் கொதிக்க வைக்கும் கோப்பிக்கு ஒதுக்கிவிட்டு, பெரிய துண்டுகளை மறுபடி இடித்து, இடைப்பட்ட அளவை மட்டும் வடிக்கு எடுக்கலாம். வீணாவது ஒன்றுமில்லை.

ஊற்றும் விதத்தாலும் சீரின்மை வரும். வடியின் ஓரத்தில் ஊற்றினால் நீர் தூளைத் தொடாமல் தாளோரமாக நழுவி இறங்கும். ஒரே இடத்தில் ஊற்றினால் அங்கே குழி விழும். வடித்து முடிந்த பின் சக்கையைப் பாருங்கள். ஒரு பக்கம் குழிந்து, மறு பக்கம் சுவரில் உலர்ந்த தூள் ஒட்டியிருந்தால் அரைப்பைத் தொடுவதற்கு முன் கையைத் திருத்த வேண்டும்.

வடித்தலால் தீராத புளிப்பும் கசப்பும்

அரைப்பை இரு பக்கமும் நகர்த்திப் பார்த்தும் கோப்பை அசைந்து கொடுக்கவில்லை என்றால், குறை வேறெங்கோ இருக்கிறது.

மிகக் கறுப்பாக, எண்ணெய் மினுங்க வறுத்த கொட்டை எப்படி வடித்தாலும் கசக்கும். வறுக்கும்போது குளோரோஜெனிக் அமிலங்கள் சிதைந்து கசப்புப் பொருட்களாக மாறுகின்றன. வறுப்பு நீளும்போது அவை மேலும் மாறி, கடுமையான நீடித்த கசப்பைத் தருகின்றன. ரொபஸ்டாக் கொட்டைக்கு இயல்பிலேயே கசப்பு அதிகம். அதில் கபேன் அரபிக்காவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகு, அந்த நோயைத் தாங்கக்கூடிய ரொபஸ்டாவும் இங்கே வந்து சேர்ந்தது. இன்று மலையக வீட்டுத்தோட்டங்களில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றாகப் பறித்து ஒன்றாக விற்கப்படுவதும் உண்டு. வாங்கும்போது எது என்று கேட்டு வாங்க வேண்டும். இப்படிப்பட்ட கொட்டைக்கு அரைப்பைப் பெருநொய்யாக்கி, நீரை 85 முதல் 88 பாகைக்கு ஆறவிடுவது கசப்பைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

புளிப்புப் பக்கத்தில், வினாகிரி வாடையோடு வரும் புளிப்பு பழம் பறித்த பிறகு அளவுக்கு மீறிப் புளித்ததால் வந்தது. பச்சைப் புல் வாடையோ பச்சை நிலக்கடலைச் சுவையோ இருந்தால் கொட்டை உள்ளே வேகவில்லை. இரண்டையும் வடியில் திருத்த முடியாது.

மலையகத்துக்கே உரிய இன்னொரு காரணம் தண்ணீர். பீலியிலும் ஓடையிலும் வரும் நீர் கடினமான பழம்பாறைகள் மேல் ஓடி வருவதால் அதில் கரைந்த தாதுக்கள் பொதுவாகக் குறைவு. அமிலத்தைச் சமன்செய்யும் பைகாபனேற்றும் குறைவு. சுண்ணாம்புக்கல் நிலமான யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் அது நிறைய. அதனால்தான் நுவரெலியாவில் துள்ளும் புளிப்போடு இருந்த கோப்பி, அதே அரைப்பில் யாழ்ப்பாணத்தில் மந்தமாக, உயிரில்லாமல் இருக்கிறது. அங்கே உள்ள உறவினருக்குக் கொட்டை அனுப்பி, நன்றாயில்லை என்று பதில் வந்தால் குறை கொட்டையிலோ அவர் கையிலோ இருக்க வேண்டியதில்லை.

நீர்தான் காரணமா என்று பார்க்க அப்பச்சோடா போதும். 1 கிராம் அப்பச்சோடாவை 1 லீற்றர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 50 மில்லிலீற்றரை எடுத்து இன்னொரு லீற்றர் பீலி நீரில் கலந்து, அந்த நீரைக் கொதிக்க வைத்து வடிக்க வேண்டும். சோடாவை நேரடியாகக் கோப்பையில் போட்டால் அளவு மிஞ்சி உப்பும் சவர்க்காரச் சுவையும் வந்துவிடும். இந்த நீரில் புளிப்பு அடங்கி இனிப்பும் வாயில் கனமும் தெரிந்தால், இறக்கம் முன்பே சரியாக இருந்தது, நீர்தான் புளிப்பைத் தூக்கிக் காட்டியது. புளிப்பு அடங்கியும் கோப்பி மெலிந்து வெறுமையாகவே இருந்தால் சாறு இன்னும் இறங்கவில்லை. சோடாவை விட்டுவிட்டு, மெசினை ஒரு படி நைசாக்கி, கேத்தலைத் திரும்ப அடுப்பில் வையுங்கள்.